மண்டபம் விசாரிப்பவருக்குக் கொட்டேஷன் அனுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்நூறு, அறுநூறு பேர் உட்காரும் நடுத்தர மண்டபத்தை நடத்துகிறவர்கள், அங்கே மேனேஜராக இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கீழே வரும் தொகைகள் எல்லாம் கணக்குப் போட்டுக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டு. உங்கள் ஊர் நிலவரத்தை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

"தை மாசம் இந்தத் தேதி மண்டபம் இருக்கா, வாடகை எவ்வளவு?" என்று வாட்ஸப்பில் ஒரே வரி வருகிறது. ரேட்டை உடனே சொல்லிவிடலாமா?

தேதி இருக்கிறதா இல்லையா என்பதை உடனே சொல்லுங்கள். முகூர்த்த நாள் தேடுகிறவர் அதே செய்தியை இன்னும் நாலு மண்டபத்துக்கு அனுப்பியிருப்பார். ரேட்டை மட்டும் அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

வாடகை 1,20,000 என்று மட்டும் எழுதினால், 90,000 என்று சொன்ன பக்கத்து மண்டபத்தோடு அதை ஒப்பிடுவார். அந்த 90,000க்கு மேல் ஏசி, ஜெனரேட்டர், கிச்சன், கிளீனிங் என்று தனித்தனியாக ஏறப்போவது அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லவில்லை என்றால் உங்கள் மண்டபத்திலும் கடைசி நாளில் அதே கதைதான்.

அதனால் முதலில் நாலு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலை ரிசப்ஷன் உண்டா, இல்லை காலை முகூர்த்தம் மட்டுமா? முகூர்த்த நேரம் என்ன? ஒவ்வொரு வேளைக்கும் சுமார் எத்தனை இலை? சமையலும் அலங்காரமும் நம் ஆளா, வெளி ஆளா?

இவற்றில் முகூர்த்த நேரத்தைத்தான் பலரும் கேட்க மறக்கிறார்கள். காலை 4.30 முதல் 6 என்றால் சமையல்காரர்கள் ராத்திரி முழுக்கத் தூங்கப்போவதில்லை. நாலு மணிக்கே காபி வேண்டும். எட்டு மணிக்குள் டிபன் பந்தி முடிந்து பாதிக் கூட்டம் கிளம்பிவிடும், மதிய இலை குறையும். 9 முதல் 10.30 என்றால் மதியப் பந்திதான் பெரிது. இலை எண்ணிக்கை மொத்தமும் இதைப் பொறுத்து மாறும்.

பதில் வந்துவிட்டது. இப்போது கொட்டேஷன் எப்படி இருக்க வேண்டும்? ஒரு மாதிரி கொடுங்களேன்.

பெண்ணின் அப்பா அதை மொபைலில் படிப்பார். படித்துவிட்டு வீட்டில் நாலு பேருக்கு ஃபார்வேர்ட் செய்வார். அதனால் உங்களைக் கேட்காமலே அவர்களுக்கும் புரிய வேண்டும். சனி மாலை ரிசப்ஷன், ஞாயிறு காலை முகூர்த்தம் என்று வைத்துக்கொண்டு எழுதினால் இப்படி வரும்:

> வணக்கம் ஐயா. நீங்கள் கேட்ட சனி, ஞாயிறு காலியாக இருக்கிறது. வரும் வியாழன் மாலை 6 மணி வரை உங்கள் பெயரில் நிறுத்தி வைத்திருக்கிறோம். இந்த விலையும் அதுவரை மாறாது.
>
> 1. மண்டபம் (எங்கள் பில்): சனி மதியம் 3 மணி முதல் ஞாயிறு மதியம் 3 மணி வரை. வாடகை ரூ.1,20,000. சுத்தம் செய்யும் கட்டணம் ரூ.6,000. 18% ஜிஎஸ்டி ரூ.22,680. ஆக ரூ.1,48,680.
> இதில் அடக்கம்: ஹால், டைனிங் ஹால், கிச்சன், பாத்திரங்கள், 2 ஏசி அறை, 6 சாதா அறை, நாற்காலி 600, வாட்ச்மேன், வண்டி நிறுத்தும் இடம்.
>
> 2. சமையல் (சமையல்காரர் பில்): சனி இரவு 400 இலை × ரூ.280. ஞாயிறு காலை டிபன் 250 இலை × ரூ.160. மதியம் 350 இலை × ரூ.300. மொத்தம் ரூ.2,57,000. 5% ஜிஎஸ்டி ரூ.12,850. ஆக ரூ.2,69,850. ஐட்டம் பட்டியல் தனியாக இணைத்துள்ளோம்.
>
> 3. அலங்காரம் (அலங்காரக்காரர் பில்): ரூ.65,000. 18% ஜிஎஸ்டி ரூ.11,700. ஆக ரூ.76,700. படமும் விவரமும் இணைப்பில்.
>
> 1 + 2 + 3 = ரூ.4,95,230.
>
> 4. உபயோகத்தைப் பொறுத்தது (வரி உள்பட): கரண்ட் யூனிட் ரூ.15, ஜெனரேட்டர் மணிக்கு ரூ.2,000. இதே அளவு விசேஷத்துக்குச் சுமார் 900 யூனிட், 2 மணி நேரம் ஆகிறது. அதன்படி ரூ.17,500.
>
> எல்லாம் சேர்த்து நீங்கள் தயார் செய்துகொள்ள வேண்டியது சுமார் ரூ.5,12,730. இதற்கு மேல் ரூ.25,000 டெபாசிட், கணக்கு முடிந்ததும் திருப்பித் தருவோம்.
>
> அட்வான்ஸ், ரத்து, தேதி மாற்றம் பற்றிய விதிகள் அடுத்த பக்கத்தில். அட்வான்ஸ் தருவதற்கு முன் படித்துவிடுங்கள்.

"எல்லாம் சேர்த்து சுமார்" என்ற வரிதான் இதில் உயிர்நாடி. ஐந்து லட்சத்தைப் பார்த்தால் பயந்து ஓடிவிடுவாரே என்று அந்த வரியை எடுத்துவிடும் மண்டபங்கள் உண்டு. ஞாயிறு மதியம் தாம்பூலப் பையோடு ஆபீஸ் அறையில் நிற்கும்போது அந்தத் தொகையை அவர் முதன்முறையாகப் பார்ப்பதைவிட, இன்றைக்கே பார்த்துவிடுவது உங்களுக்கும் நல்லது.

"வாடகையில் எல்லாம் அடக்கம்" என்று எழுதினால் போதாதா? எதற்கு இவ்வளவு நீளமான பட்டியல்?

"எல்லாம்" என்றால் அவர் ஒன்று நினைப்பார், உங்கள் சூப்பர்வைசர் ஒன்று நினைப்பார். பட்டியல் நீளமாக இருந்தாலும் குற்றமில்லை. அதில் இல்லாததையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்: கேஸ் சிலிண்டர், தண்ணீர் பாட்டில், மைக் செட், கூடுதல் ஏசி அறை, ஐயருக்கு வேண்டிய ஹோம சாமான் இதில் சேராது என்று.

நேரத்தில்தான் தகராறு அதிகம். முகூர்த்தச் சீசனில் ஞாயிறு மாலையே அடுத்த பார்ட்டி உள்ளே வருவார்கள். மூன்று மணி என்றால் அது சாமானையும் எடுத்துக்கொண்டு அறைச் சாவியை ஒப்படைக்கும் நேரம். சாப்பாடு முடியும் நேரம் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளாமல் இருக்க, அதை எழுத்தில் சொல்லுங்கள். அப்படியே தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்றும் போடுங்கள். அடுத்த பார்ட்டி இருக்கும் நாளில் பணம் கொடுத்தாலும் நேரம் நீட்ட முடியாது; அதையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, பாட்டுக் கச்சேரி. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுவாகச் சட்டப்படி தடை உண்டு. ரிசப்ஷன் ஆர்க்கெஸ்ட்ரா வைக்கிறவர்களுக்கு இதைக் கொட்டேஷனிலேயே சொன்னால், பத்தே முக்காலுக்கு மைக்கை அணைக்கச் சொல்லி மாப்பிள்ளையின் நண்பர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

கரண்ட் கணக்கில் எப்போதும் சண்டை வருகிறது. மொத்தமாக ஒரு தொகை போட்டுவிட்டால் என்ன?

போடலாம். ஆனால் ஏசி மண்டபத்தில் அது ஒருவருக்கு நஷ்டம்தான். மொத்தத் தொகை என்று தெரிந்தால் யாரும் இல்லாத ஹாலில் ராத்திரி முழுக்க ஏசி ஓடும். கொஞ்சமாக உபயோகித்தவரோ, மற்றவர் கரண்டுக்கும் தான் கட்டுவதாக நினைப்பார்.

மீட்டர் கணக்கே வைத்துக்கொள்ளுங்கள். சாவி கொடுக்கும்போது அவர்கள் வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிப்போய் மீட்டரைக் காட்டி, எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து அவர் நம்பருக்கே அனுப்பிவிடுங்கள். சாவி வாங்கும்போதும் அதே. ஜெனரேட்டருக்கும் அதில் உள்ள மணிக் கணக்கு மீட்டரைப் படம் எடுக்கலாம். அலங்காரக்காரர் சனிக்கிழமை காலையே வந்து ஆணியடித்து, விளக்குப் போட்டுப் பார்ப்பார். அந்த யூனிட் யார் கணக்கு என்பதையும் எழுதிவிட்டால் நல்லது. மதியம் 3 மணிக்கு முன்னால் ஓடியது மண்டபத்தின் கணக்கு என்று விட்டுவிடுவது என் பழக்கம். பத்து இருபது யூனிட்டுக்காக நல்ல நாளில் வாய்த்தகராறு வேண்டாம்.

சமையல் "இலைக்கு இவ்வளவு" என்று போடுகிறோம். பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்பதில்தான் பிரச்சினை. இதைக் கொட்டேஷனில் எப்படிக் கட்டுவது?

மூன்று எண் வேண்டும்: சொன்ன எண்ணிக்கை, கேரண்டி எண்ணிக்கை, மேல்வரம்பு. மேலே உள்ள மாதிரியில் சனி இரவு 400 இலை. கேரண்டி அதில் 90 சதவீதம், அதாவது 360. எத்தனை பேர் குறைவாக வந்தாலும் 360 இலைக்குப் பணம் உண்டு, ஏனென்றால் அதற்கான சாமான் வாங்கி சமைத்தாகிவிட்டது. மேலே 440 வரை அதே ரேட். அதையும் தாண்டினால் அடுப்பில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். ஐட்டம் குறையலாம் என்று எழுதிவிடுங்கள். கடைசி எண்ணிக்கையை விசேஷத்துக்கு ஐந்து நாள் முன்னால் அவர்கள் உறுதி செய்ய வேண்டும். அன்று சொல்லும் எண்ணை வைத்து இந்த மூன்றும் மாறும்.

இதை ஒரு கணக்காகவே காட்டிவிடுங்கள். சனி இரவு 430 பேர் சாப்பிட்டார்கள் என்றால் கூடுதல் 30 இலைக்கு 8,400. ஞாயிறு மதியம் 350க்குப் பதில் 300 பேர்தான் என்றால் கேரண்டி 315க்குப் பில், அதாவது 10,500 குறையும். டிபன் சொன்னபடி 250. நிகரமாக 2,100 குறைந்து, வரியோடு பார்த்தால் 2,205 ரூபாய் அவருக்கு மிச்சம். இந்த ஒரு பத்தியைப் படித்தவர் பில் வரும்போது எதுவும் கேட்க மாட்டார்.

அப்புறம் எண்ணும் முறை. நாற்காலியை எண்ணினால் காலி நாற்காலியும் சேரும். எச்சில் இலையை எண்ணுவது நடக்கிற காரியமில்லை. எண்ணிக் கொடுத்த இலையில் மீதி எவ்வளவு என்று கழிப்பது நல்ல வழி. கிழிந்த இலையைத் தனியே எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பந்தி எழுந்ததும் சமையல் சூப்பர்வைசரும் அவர்கள் வீட்டு ஆள் ஒருவரும் ஒரு நோட்டில் எண்ணைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்த வீட்டு ஆள் யார் என்று கொட்டேஷன் உறுதியாகும்போதே பெயர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாமா, சித்தப்பா யாராவது கணக்கில் கறாரானவர் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார். மணப்பெண்ணின் அப்பாவைப் போடாதீர்கள்; அன்றைக்கு அவரால் அது முடியாது.

நாதஸ்வரக்காரர், போட்டோகிராபர், வேன் டிரைவர், அலங்கார ஆட்கள் சாப்பிட்டதும் கணக்கில் வரும் என்பதை ஒரு வரி சொல்லுங்கள். இருபது முப்பது இலை வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. சின்னக் குழந்தைக்கு இலை போட்டால் அது இலைதான். அம்மாவோடு ஒரே இலையில் சாப்பிட்டால் கணக்கில்லை.

ஐட்டம் பட்டியலில் "ஸ்வீட் 2, பொரியல் 2" என்று எழுதாமல் பெயரையே எழுதுங்கள். பாதாம் அல்வா என்று நினைத்தவருக்குக் கேசரி வந்தால் இரண்டுமே ஸ்வீட்தான் என்று வாதாட முடியாது. ஐஸ்கிரீம், பீடா, பழக் கடை, வரவேற்பு ஜூஸ் இவை இலை ரேட்டில் உண்டா இல்லையா என்பதும் தெளிவாக இருக்கட்டும்.

எங்கள் ஊர்ச் சமையல்காரரைத்தான் கூட்டிவருவோம் என்கிறார்கள். அப்போது?

சம்மதிப்பதா வேண்டாமா என்பது உங்கள் கொள்கை. சம்மதித்தால் கிச்சன் உபயோகத்துக்கு என்ன கட்டணம், கேஸ் யாருடையது, பாத்திரம் எத்தனை கொடுத்தோம் என்று மூன்று வரி போதும். அண்டா, தேக்சா, இட்லிப் பானை, கரண்டி என்று எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள். காணாமல் போனால் என்ன விலை என்ற பட்டியல் கிச்சன் சுவரிலேயே ஒட்டியிருக்கட்டும். சமையல்காரரிடம் உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமமோ பதிவோ இருக்கிறதா என்று கேட்டு ஒரு நகல் வாங்கி வைப்பதும் நல்லது.

அலங்காரத்துக்கு "ஸ்டேஜ் டெக்கரேஷன் 65,000" என்று எழுதுகிறோம். வாடிக்கையாளர் வேறு ஏதோ படத்தைக் காட்டி இது எங்கே என்கிறார்.

அவர் இணையத்தில் பார்த்த படத்தில் மேடை நாற்பது அடி இருக்கும், உங்களுடையது இருபத்துநாலு. அதனால் உங்கள் மேடையிலேயே செய்த அலங்காரத்தின் படத்தை மட்டும் அனுப்புங்கள். கூடவே அளவும் எழுதுங்கள்: பின்திரை 24 அடி அகலம், 10 அடி உயரம், எத்தனை அடி நிஜப் பூ, மீதி துணியும் செயற்கைப் பூவும், நுழைவாயிலில் வாழைமரம் இரண்டு, தோரணம், பெயர்ப் பலகை, நடைபாதையில் தூண் எத்தனை.

ரிசப்ஷன் மேடையை ராத்திரியே பிரித்துக் காலைக்கு மணவறை அமைப்பது இரண்டாவது வேலை. இது 65,000க்குள் அடக்கமா என்பதைச் சொல்லாமல் விட்டால், இரவு பதினொரு மணிக்கு ஆட்கள் கூலி கேட்டு நிற்பார்கள்.

பூ விலை தனிக் கதை. பெரிய முகூர்த்தத்தன்று நிலக்கோட்டையிலும் தோவாளையிலும் மல்லிகை என்ன விலைக்குப் போகும் என்று மூன்று மாதம் முன்னால் யாரும் சொல்ல முடியாது. பனிக்காலத்தில், அதாவது மார்கழி, தை மாதங்களில், மல்லிகை வரத்தும் குறைந்துவிடும். அதனால் விலையைக் கூட்டாமல் பூவை மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கேட்டு வாங்குங்கள்: "மல்லிகை கிடைக்காவிட்டாலோ விலை மிக ஏறினாலோ, அதே நிறத்தில் சம்பங்கி அல்லது வெள்ளைச் சாமந்தி வைக்கப்படும், தொகை மாறாது." பூவின் பெயர் அவருக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டால் அன்றைக்கு ஏமாற்றம் இருக்காது.

வெளி அலங்காரக்காரர் என்றால் சுவரில் ஆணி கூடாது, தூணில் பசை டேப் கூடாது, எத்தனை மணிக்குள் பிரித்து எடுத்துப் போக வேண்டும் என்பன எழுத்தில் போகட்டும்.

ஜிஎஸ்டி எல்லாவற்றுக்கும் 18 சதவீதமா? சமையலுக்கு 5 என்கிறார்களே?

மண்டப வாடகைக்கு 18. தனிச் சமையல்காரர் மண்டபத்தில் வந்து சமைத்துப் பரிமாறினால் பொதுவாக 5, ஆனால் அவர் வாங்கிய சாமானுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. மேலே மாதிரியில் மூன்று பில், மூன்று பேர் என்று பிரித்து எழுதியது அதனால்தான். யார் எந்தப் பில் போடுகிறார் என்பது கொட்டேஷனிலேயே தெரிய வேண்டும்.

மண்டபமும் சாப்பாடும் சேர்ந்து ஒரே பேக்கேஜாக நீங்களே ஒரே பில்லில் கொடுத்தால் வரிக் கணக்கு மாறும். பெரிய ஓட்டல் வளாகத்தில் இருக்கும் ஹாலுக்கு அது வேறு. பேக்கேஜ் விலையை வெளியில் சொல்வதற்கு முன்னால் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள், சொன்ன பிறகு வேண்டாம். ஜிஎஸ்டி பதிவே இல்லாத சிறிய மண்டபம் என்றால் வரி என்று தனி வரி போட்டு வசூலிக்கக் கூடாது.

"பில் இல்லாமல் என்றால் எவ்வளவு?" என்று கேட்பார்கள். அதற்கு விலை சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கொட்டேஷனுக்கே அர்த்தமில்லை. பின்னால் ரத்து என்று வந்தால் உங்கள் கையிலும் அவர் கையிலும் காட்ட ஒரு காகிதம் இருக்காது.

ரிசப்ஷன் செலவு மாப்பிள்ளை வீடு, கல்யாணச் செலவு பெண் வீடு என்று பிரிக்கிறார்கள். கொட்டேஷன் யார் பெயரில்?

ஒரே பெயரில். புக் செய்கிறவர் யாரோ அவரே உங்களுக்குப் பொறுப்பு. அட்வான்ஸ் ரசீது, ரத்துப் பணம், டெபாசிட் எல்லாம் அவருக்கே. ஆனால் உள்ளே வேளைவாரியாகப் பிரித்துக் காட்டுங்கள். மாதிரியில் சனி இரவு சாப்பாடு 1,12,000, வரியோடு 1,17,600 என்று தனியே தெரிந்தால் சம்பந்திகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். வாடகையையும் அலங்காரத்தையும் பாதிப் பாதியாக நீங்கள் பிரிக்கப் போக வேண்டாம். அது இரண்டு வீட்டுப் பேச்சு, மேனேஜர் நடுவில் வரக் கூடாது.

அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம்? ரொக்கமாகவே எல்லாம் தருகிறேன் என்கிறாரே?

எங்கள் எடுத்துக்காட்டில் தேதி உறுதிக்கு மண்டபத்துக்கு 40,000. வாடகைக் கணக்கில் மீதி 1,08,680 விசேஷத்துக்கு 30 நாள் முன்னால். சமையலுக்கும் அலங்காரத்துக்கும் அவரவர் அட்வான்ஸ், அவரவர் ரசீது. டெபாசிட், நீங்கள் சாவி கொடுக்கும் அன்று.

ரொக்கத்துக்கு வரம்பு உண்டு. வருமான வரிச் சட்டப்படி ஒரு விசேஷம் தொடர்பாக ஒருவரிடமிருந்து இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. நாலு தவணையாக ஐம்பதாயிரம் வாங்கினாலும் ஒரே விசேஷம் என்றால் கூட்டித்தான் பார்ப்பார்கள். அபராதம் வாங்கியவருக்கு, அதுவும் வாங்கிய தொகை அளவுக்கு. கொட்டேஷனின் அடியில் வங்கிக் கணக்கு எண்ணை எழுதி, அதில் போடச் சொல்லிவிடுங்கள்.

"அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ரசீதின் பின்னால் அச்சடித்திருக்கிறோம். அது போதும் அல்லவா?

போதாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 74ஆவது பிரிவு, ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. எழுதி வைத்த தொகை அதற்கு உச்ச வரம்பு மட்டுமே. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தையே கேள்வி கேட்க வழி செய்கிறது. எட்டு மாதம் முன்னால் ரத்து செய்தவரின் பணம் முழுவதையும் வைத்துக்கொண்டு, அதே தேதியை இன்னொருவருக்கு முழு வாடகைக்கும் விட்டால், நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் நஷ்டம் என்ன என்று கேட்பார்கள். பதில் இருக்காது.

ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பது இன்னொரு பலவீனம். பணம் கொடுத்த பிறகுதானே அந்தக் காகிதம் அவர் கைக்கு வருகிறது?

சரி, ரத்து விதியை எப்படித்தான் எழுதுவது?

உங்களுக்கு உண்மையில் எப்போது நஷ்டம் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். மண்டபத்துக்கு நஷ்டம் தேதி திரும்ப விலை போகாததுதான். ஆறு மாதம் முன்னால் ரத்தானால் முகூர்த்தத் தேதி எப்படியும் வேறொருவருக்குப் போய்விடும். ஒரு மாதத்துக்குள் என்றால் பத்திரிகை அடித்தவர்கள் யாரும் மண்டபம் மாற்ற மாட்டார்கள். சீமந்தம், காதுகுத்து, கம்பெனி மீட்டிங் ஏதாவது வந்தால்தான். சமையல்காரரின் நஷ்டம் மளிகை வாங்கியதும் ஆரம்பிக்கும், அலங்காரக்காரருக்குப் பூ ஆர்டர் கொடுத்ததும். அதனால் மூன்றுக்கும் தனித்தனி விதி வேண்டும். மொத்தத் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஒரே விதி போட்டால் யாருக்கும் பொருந்தாது.

மண்டபத்துக்கு இப்படி எழுதலாம். 90 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது சொன்னால் 5,000 பிடித்தம். 89 முதல் 31 நாளுக்குள் 30,000. 30 நாளும் அதற்குக் குறைவும் என்றால் 60,000. எல்லாம் வரி உள்பட. கூடவே ஒரு வரி: அந்தத் தேதி வேறு விசேஷத்துக்குப் போய்விட்டால், வாடகையில் எங்களுக்கு ஏற்பட்ட குறைவோடு 10,000 மட்டும் பிடிப்போம், அது மேலே சொன்ன தொகையைத் தாண்டாது.

சமையலுக்கு 7 நாளுக்கு மேல் இருந்தால் பிடித்தம் இல்லை. 7 முதல் 3 நாள் வரை கேரண்டி இலைத் தொகையில் கால்வாசி. கடைசி 2 நாளில் அறுபது சதவீதம். அலங்காரத்துக்கு 10 நாளுக்கு மேல் பிடித்தம் இல்லை, அதற்குள் என்றால் பாதி. இந்த எண்களை நீங்களாகப் போடாமல் அந்த இருவரிடமும் கேட்டுப் போடுங்கள்.

எடுத்துக்காட்டில் உள்ள குடும்பம் 45 நாள் முன்னால் ரத்து செய்கிறது என்று வையுங்கள். மண்டபத்துக்குக் கொடுத்தது 40,000. அட்டவணைப்படி 30,000 பிடித்து 10,000 உடனே திருப்பிக் கொடுக்கிறீர்கள். மூன்று வாரம் கழித்து அதே சனி, ஞாயிறுக்கு வேறொரு குடும்பம் 1,10,000 வாடகைக்கு வருகிறது. உங்கள் குறைவு 10,000, அதோடு 10,000. ஆகப் பிடித்தம் 20,000. முன்பு பிடித்த 30,000இல் இன்னும் 10,000ஐ அவர் கணக்கில் போட்டுவிடுகிறீர்கள். சமையல், அலங்கார அட்வான்ஸ் முழுதாகத் திரும்பிவிடும்.

நாள் கணக்கு எதிலிருந்து என்பதையும் எழுதுங்கள். போனில் சொன்ன நாளா, எழுதித் தந்த நாளா? புக் செய்தவரே வாட்ஸப்பிலோ கடிதத்திலோ எழுதி அனுப்பிய நாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா போனில் சொன்னார் என்று தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு கல்யாணம் நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பணம் எத்தனை நாளில் திரும்பும் என்றும் ஒரு வரி. பதினைந்து நாள் என்றால் பதினைந்து நாள்.

வீட்டில் துக்கம், தேதி தள்ளுகிறார்கள். இதுவும் ரத்துதானா?

அதை ரத்து என்று எழுதாதீர்கள். தேதி மாற்றம் என்று தனித் தலைப்பு வையுங்கள். நெருங்கிய உறவில் இறப்பு என்றால் ஒரு முறை, ஆறு மாதத்துக்குள் காலியாக உள்ள தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். அட்வான்ஸ் அப்படியே போகும். புதிய தேதிக்கு வாடகை கூடுதல் என்றால் வித்தியாசம் மட்டும் கட்ட வேண்டும். வருஷம் திரும்பிய பிறகுதான் விசேஷம் என்ற வழக்கம் உள்ள வீடுகளுக்கு ஆறு மாதம் போதாது, ஒரு வருஷம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் சமையல்காரர் ஏற்கெனவே காய்கறி வாங்கிவிட்டால் அந்தச் செலவு அவர்களுடையதுதான். அதையும் மென்மையாக எழுதி வைக்க வேண்டும்.

கல்யாணமே நின்றுபோனால் அது ரத்து. காரணம் கேட்காதீர்கள்.

அரசு தடை, வெள்ளம் போன்றவை மூன்றாவது வகை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எத்தனையோ மண்டபங்களின் ரசீதில் இதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. இரு பக்கமும் தவறில்லாமல் நிகழ்ச்சி நடத்த முடியாமல் போனால், தேதி மாற்றமா முழுப் பணமா என்பதை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம், உண்மையாகச் செலவான தொகையை மட்டும் பில் காட்டிக் கழிப்போம் என்று எழுதுங்கள். ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசு வரம்பு போட்டால் கேரண்டி இலை எண்ணிக்கையும் அதோடு இறங்கும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

நாமே ரத்து செய்ய வேண்டி வந்தால்?

வாங்கியது அத்தனையும் திருப்பித் தர வேண்டும், அது மட்டும் போதாது. அவர் பத்திரிகை அடித்திருப்பார், கடைசி நேரத்தில் கிடைக்கும் மண்டபம் அதிக வாடகையாக இருக்கும். எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள் என்று நீங்களே எழுதினால், 60,000 பிடிக்கும் உங்கள் விதியும் அவர் கண்ணுக்கு நியாயமாகத் தெரியும். ஒரே தேதியை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும் விபத்து பெரும்பாலும் மேனேஜர் டைரியில் ஒன்று, முதலாளி டைரியில் ஒன்று என்று இருக்கும் இடத்தில்தான் நடக்கிறது. ஒரே டைரி வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டேஷனைப் பார்த்துவிட்டு "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்கிறார்.

தொகையைக் குறைத்தால் எதிலிருந்து குறைத்தீர்கள் என்று எழுதி, திருத்திய கொட்டேஷனை முழுசாக மறுபடி அனுப்புங்கள். வாய்வார்த்தையாக "பத்தாயிரம் குறைச்சுக்கலாம்" என்றால் அது வாடகையிலா, மொத்தத்திலா, வரிக்கு முன்னா பின்னா என்று கடைசியில் நிற்கும். சமையல்காரர் தொகையில் நீங்கள் தள்ளுபடி சொல்லாதீர்கள். அவர் அதைப் பருப்பில் காட்டுவார்.

டெபாசிட் எப்போது திருப்பித் தருவது?

மீட்டர் படம், பாத்திர எண்ணிக்கை, அறைச் சாவி மூன்றும் சரியானால் அன்றைக்கே தரலாம். உடைந்த பொருள் ஏதாவது இருந்தால் அதைப் படம் எடுத்து, விலைப்பட்டியலில் உள்ள தொகையை மட்டும் கழியுங்கள். எடுத்துக்காட்டில் கரண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் 17,500 வந்து, அதை அவர் தனியாகக் கட்டவில்லை என்றால் 25,000இல் அதைக் கழித்து 7,500ஐயும், கழித்த தொகைக்கு வரியோடு பில்லையும் கொடுங்கள். டெபாசிட்டுக்கு முதலிலேயே வரி போட வேண்டியதில்லை. செலவில் கழிக்கும் பகுதிக்குத்தான் வரும். அன்று முடியாது, நாளைக்கு வாருங்கள் என்றால் அவர் வெளியூர். எத்தனை நாளில் அக்கவுண்டில் ஏறும் என்று கொட்டேஷனில் எழுதிய அதே நாளுக்குள் அனுப்பிவிடுங்கள்.